படியைப் பாதியாக்கிப் பாராதவர் காலக்கணிப்புச் சொல்லலாகாது

"வளைகோடு எஸ் வடிவில் வந்திருக்கிறது, இறுதியில் 1-ஐயும் நெருங்கிவிட்டது. பிறகு எங்கே பிழை?" மொழிமாற்றத்தைக் கணித மாதிரிகளால் ஆராயும் நம் வட்டத்தில் இவ்வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். இது எவ்வளவு பொய்யானது என்பதைக் காகிதமும் பேனாவும் காட்டிவிடும்.

ஒரு புதிய சொல்வடிவம் வழக்கில் பெற்றுள்ள பங்கு p என்க. அது பரவும் வேகத்துக்கு நாம் எழுதும் எளிய சமன்பாடு dp/dt = p(1 − p). காலத்தின் ஓர் அலகு 50 ஆண்டுகள் என்றும், தொடக்கத்தில் p = 0.1 என்றும் கொள்வோம்.

ஆய்லர் முறை, படியின் தொடக்கத்திலுள்ள சாய்வே அப்படி முழுவதும் நீடிப்பதாகக் கொள்கிறது. படிநீளம் 1 எனில், முதற்படியில் சாய்வு 0.1 × 0.9 = 0.09, p 0.19 ஆகிறது. அடுத்த சாய்வு 0.19 × 0.81 = 0.1539, p 0.3439 ஆகிறது. மூன்றாம் படியில் p ஏறத்தாழ 0.57. இவற்றை நேர்கோட்டால் இணைத்தால், புதிய வடிவம் பாதி வழக்கைப் பிடிப்பது ஏறத்தாழ 2.69-ஆம் அலகில்.

இச்சமன்பாட்டுக்குத் துல்லியத் தீர்வு உண்டு. அதன்படி பாதியை எட்டுவது 2.20-இல். இடைவெளி அரை அலகு, அதாவது ஏறத்தாழ 25 ஆண்டுகள்! அச்சுக்கூடத்தின் வருகையோ பள்ளிக் கல்வியின் பரவலோ இம்மாற்றத்துக்குக் காரணமா என்று வாதிடுபவருக்கு ஒரு தலைமுறை என்பது சிறு பிழையா?

பிழை இத்திசையில் விழுவதும் தற்செயலன்று. p பாதியை எட்டும்வரை சாய்வு ஏறிக்கொண்டே போகிறது. பழைய சாய்வைப் பற்றிக்கொள்ளும் முறை அதனால் பின்தங்குகிறது. முடிவில் சாய்வு சுழியாவதால் கணக்கும் உண்மையும் 1-இல் ஒன்றுகூடுகின்றன. கோட்டின் இறுதி சரியாயிருப்பது நடுப்பகுதியின் பிழையை மறைக்கிறதேயன்றி நீக்கவில்லை.

"துல்லியத் தீர்வுதான் இருக்கிறதே" என்பர் சிலர். பரவல் வேகம் காலத்தோடு மாறினாலோ, இரு சமூகங்கள் ஒன்றையொன்று பாதித்தாலோ அத்தீர்வு பெரும்பாலும் கிட்டாது. அப்போது நமக்குள்ள எளிய சோதனை, படிநீளத்தைப் பாதியாக்குவது. 0.5 நீளத்தில் நான்கு படிகள் போட்டால், 2-ஆம் அலகில் p = 0.3918. முன்பு வந்தது 0.3439. இரண்டின் வேறுபாடான 0.048, புதிய விடையில் எஞ்சியுள்ள பிழையின் தோராய அளவு. உண்மைப் பிழை 0.059. படிகள் இன்னும் பெரியனவாக இருப்பதால் மதிப்பீடு சற்றுக் குறைகிறது. ஆயினும் விடையின் இரண்டாம் இலக்கத்தையே நம்பலாகாது என்று எச்சரிக்க அது போதும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே: வளைகோட்டை மட்டும் காட்டாதீர்கள். எப்படிநீளத்தில் கணித்தீர்கள், அதைப் பாதியாக்கியபோது உங்கள் ஆண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள். அது எழுதப்படாத காலக்கணிப்பை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.