50,000 மணி நேர விளக்கு



"பழுதுகளுக்கு இடையே சராசரி 50,000 மணி நேரம்னு போட்டிருக்கான் சார், ஒரே வருஷத்துல போயிடுச்சே" என்று தெருவிளக்கைக் காட்டிக் கேட்டார் ஒரு பழைய மாணவர்.

அது ஒரு விளக்கின் ஆயுள் அல்ல. பல விளக்குகள் எரிந்த மொத்த நேரத்தைப் பழுதுகளின் எண்ணிக்கையால் வகுத்து வந்த எண்.

களமருதூரில் 300 விளக்குகள் இரவுக்கு 12 மணி நேரம் எரிவதாக வைப்போம். ஆண்டுக்கு மொத்தம் 13,14,000 மணி நேரம். 50,000-ஆல் வகுத்தால் 26. ஆக, நல்ல விளக்கு வாங்கினாலும் மாதம் இரண்டு அணையும்.

11 ஆண்டு எரியும் என்று நம்பி இருப்பு வைக்காமல் விட்டால் தெருதான் இருட்டும். ஆண்டுக்கு 26 மாற்று விளக்குகளையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 60 அணைந்தால் சரக்கையோ மின்னழுத்தத்தையோ சந்தேகப்படுங்கள். விளக்குகள் பழசானபின் இந்தக் கணக்கு செல்லாது; பழுது கூடும்.