காசு கொடுத்தது எந்தக் கணக்கு?

குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு போன். அதில் மூன்று ஜிமெயில் கணக்குகள். போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது ஒன்று, அவரே ஆரம்பித்தது ஒன்று, ஊரிலிருந்து வந்த தம்பி நுழைத்துவிட்டுப் போனது ஒன்று. போன வருஷம் 350 ரூபாய் கட்டி ஒரு ஆங்கில இலக்கண ஆப்பின் முழுப் பாடங்களையும் வாங்கினார். போனை ரிப்பேர் பார்த்து, எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டதும், அதே ஆப் திரும்பவும் காசு கேட்கிறது!

"ஏமாத்திட்டானுங்க" என்று திட்டிவிட்டு இன்னொரு 350 கட்டுவதுதான் இங்கே பலர் செய்வது. அவசரமே வேண்டாம். பிளே ஸ்டோரில் வாங்கிய பொருள் போனுக்குச் சொந்தமில்லை, வாங்கிய கணக்குக்குத்தான் சொந்தம். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடியாது. ஆக, தேட வேண்டியது காசை அல்ல, கணக்கை.

பேங்க் எஸ்.எம்.எஸ். இதற்குப் பாதிதான் உதவும். தேதியும் தொகையும் அதில் இருக்கும், எந்த ஜிமெயில் என்பது இருக்காது. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, Payments & subscriptions, பிறகு Budget & history என்று போக வேண்டும். அவருடைய கணக்கில் ஒன்றும் இல்லை. அதே வட்டத்தில் கணக்கை மாற்றித் தம்பியுடையதைப் பார்த்தார், அதிலும் இல்லை. கடைக்காரப் பையன் போட்டதில் அதே தேதி, அதே 350! சந்தேகம் இருந்தால் அந்த ஜிமெயிலில் GPA என்று தேடலாம். பிளே ஸ்டோர் ரசீதின் ஆர்டர் எண் அப்படித்தான் தொடங்கும்.

இனி அந்த ஆப்பை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரில் அந்தக் கணக்குக்கு மாறி, மறுபடி இறக்கினால் போதும். ஆப்புக்குள் வாங்கியவை பெரும்பாலும் ஆப்பை இறக்கிய கணக்கோடுதான் ஒட்டிக்கொள்ளும். வெறுமனே கணக்கை மாற்றிவிட்டு ஆப்பைத் திறந்தால் பலன் இல்லாமல் போவது இதனால்தான். கணக்கே போனில் இல்லாவிட்டால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்ட் தெரியாதென்றால்தான் சிக்கல்.

இதில் தப்பு யார் பேரில்? காசு கட்டும் திரையில் மெயில் முகவரி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பொடி எழுத்தில். விலையைப் பெரிதாகப் போடத் தெரிந்தவர்களுக்கு, "இந்தக் கணக்கில் வாங்குகிறீர்கள்" என்பதையும் அதே அளவில் போட என்ன தடை? மூன்று கணக்கு இருக்கும் போன் என்று ஸ்டோருக்குத் தெரியுமே, ஒரு தடவை கேட்டால் என்ன? அது வரும்வரை, பொத்தானை அமுக்கும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதுதான் 350 ரூபாய்க்குக் காவல்.