இன்று யார் முறை?

எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். காலையில் கொண்டுபோய் விடுவது பெரிய பாடில்லை. அலுவலகம் போகிற வழியில் இறக்கிவிட்டுப் போய்விடலாம். மாலை மூன்றரை மணிதான் பாடு. நடுவேலையில் எழுந்து வர வேண்டும், வேளச்சேரி நெரிசலைக் கடக்க வேண்டும், வாசலில் காத்து நிற்க வேண்டும், பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்பவும் வேலையில் உட்கார வேண்டும். அதனால் மாலைக்கு மட்டும் நான்கு வீடும் முறை போட்டுக்கொண்டோம். காலையையும் மாலையையும் ஒரே கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சேர்த்தால் காலையை எல்லாரும் கேட்டு வாங்குவார்கள், மாலை எப்போதும் ஒருவர் தலையில் விழும்.

நான்கு வீடு, ஐந்து நாள். ஐந்தாவது நாள் யாருடையது என்பதுதான் எல்லாருக்கும் முதலில் வருகிற கேள்வி. அதற்கு விடை எளிது. முறையை வாரத்தோடு முடிக்காமல் அடுத்த வாரத்துக்குத் தொடர வேண்டும். திங்களன்று தரைத்தளம் தொடங்கினால் வெள்ளியும் அவர்களுக்கே வரும். அடுத்த திங்கள் முதல் மாடி, அதற்கடுத்த திங்கள் இரண்டாம் மாடி. நான்கு வாரம் முடியும்போது ஒவ்வொரு வீடும் ஐந்து முறை போயிருக்கும், ஒவ்வொரு கிழமையையும் ஒருமுறை பார்த்திருக்கும். ஐந்து வீடு சேர்ந்தால் இந்த அழகு போய்விடும். வெள்ளி யாருக்கு விழுந்ததோ அவருக்கு ஆண்டு முழுக்க வெள்ளிதான். அப்போது வாரத்துக்கு ஒரு இடம் வேண்டுமென்றே தள்ளிப்போட வேண்டும்.

காகிதத்தில் இது சரி. நடப்பில் முதலில் இதைக் கலைப்பது மழை. நவம்பரில் காலை ஆறரைக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். அன்றைக்கு முதல் மாடியின் முறை. அது தீர்ந்ததாகக் கொள்வதா, நாளைக்குத் தள்ளுவதா? தீர்ந்தது என்றால் மற்றவர்களுக்கு வருத்தம். தள்ளினால் நாளைக்கென்று அலுவலகத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தவர் பாவம்.

அடுத்தது இன்னும் கடினம். எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் வருவதில்லை. மூன்றாம் மாடிப் பையனுக்குப் புதனும் வெள்ளியும் பள்ளியிலேயே கிரிக்கெட் பயிற்சி. ஐந்தரைக்கு அவன் அப்பா வந்து கூட்டிப்போகிறார். வாரத்தில் மூன்று நாள் மட்டும் காரில் வருகிற பிள்ளைக்காக அந்த வீடு மற்றவர்களுக்குச் சமமாக முறை எடுக்க வேண்டுமா? எடுக்கச் சொன்னால் அநியாயம். குறைத்துக்கொள் என்றால் எவ்வளவு குறைப்பது?

இதே கேள்வியை 1983-இல் ரொனால்ட் ஃபேகின், ஜான் வில்லியம்ஸ் என்ற இருவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். ஒரே காரில் சேர்ந்து போகிற கூட்டத்தில், சிலர் சில நாள் வராமலிருக்கும்போது, இன்றைக்கு யார் ஓட்டுவது நியாயம் என்பதுதான் கட்டுரையின் பொருள். முறைகளை எண்ணாதே, ஒவ்வொரு நாளின் பாரத்தையும் அன்றைக்கு வந்தவர்களிடையே பங்கிடு என்பது அவர்கள் சொன்ன வழி. நாங்கள் கைக்கொண்டதும் அதையே.

ஒரு நாள் பயணத்துக்குப் பன்னிரண்டு புள்ளி. ஏன் பன்னிரண்டு? இரண்டு, மூன்று, நான்கு எதனால் வகுத்தாலும் மீதி வராது. அன்று எத்தனை வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்களோ அத்தனை வீடும் அந்தப் பன்னிரண்டைச் சமமாகப் பற்று எழுதிக்கொள்ளும். போய் அழைத்து வந்த வீட்டுக்குப் பன்னிரண்டும் வரவு. அடுத்த நாள் வருகிறவர்களில் யாருடைய நிலுவை எல்லாரையும்விடக் கீழே இருக்கிறதோ அவர் முறை.

ஒரு வாரத்தை ஓட்டிப் பார்ப்போம். எல்லாரும் சுழியத்தில் தொடங்குகிறார்கள். திங்களன்று நால்வரும் வருகிறார்கள், ஆளுக்கு மூன்று பற்று. தரைத்தளம் ஓட்டுகிறது. பன்னிரண்டில் தன் பங்கு மூன்று போக ஒன்பது அவர்கள் கையில். மற்ற மூவருக்கும் மூன்று கடன். செவ்வாயும் நால்வர், முதல் மாடி ஓட்டுகிறது. இப்போது கீழ் இரண்டு வீடுகளுக்கும் ஆறாறு வரவு, இரண்டாம் மாடியான எங்களுக்கும் மூன்றாம் மாடிக்கும் ஆறாறு கடன். புதன்கிழமை கிரிக்கெட், வருவது மூவர்தான். ஆளுக்கு நான்கு பற்று. வருகிறவர்களில் கீழே இருப்பது நாங்கள், நாங்கள் போகிறோம். முடிவில் மூன்று வீட்டுக்கும் இரண்டிரண்டு வரவு, மூன்றாம் மாடிக்கு மட்டும் ஆறு கடன். வியாழன் நால்வரும் வருகிறார்கள், மூன்றாம் மாடிதான் போக வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. போன பிறகு அவர்களுக்கு மூன்று வரவு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கடன். வெள்ளியன்று மூன்று வீடும் சமநிலையில் நிற்கின்றன. அங்கே யார் என்பதை வேறொரு பட்டியல் முடிவுசெய்யும், அதைப் பிறகு சொல்கிறேன். எந்த நாள் இரவிலும் நான்கு வீட்டு நிலுவையையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பாக எழுதியிருக்கிறோம்.

இந்தக் கணக்கைப் பன்னிரண்டு வாரத்துக்கு நீட்டினால், விடுமுறை இல்லை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் அறுபது பயணம். மூன்றாம் மாடியின் பங்கு ஒன்பது, மற்ற மூன்று வீட்டுக்கும் பதினேழு பதினேழு. இங்கே பலரும் நின்று கேட்பார்கள். ஐந்துக்கு மூன்று நாள் வருகிறவன் மற்றவர்களில் ஐந்தில் மூன்று பங்கு எடுத்தால் பத்துப் பயணம் வருமே, ஒன்பது எப்படி? அவன் வருகிற நாளெல்லாம் பாரத்தைச் சுமக்க நான்கு பேர் இருக்கிறார்கள், அவன் பங்கு கால். அவன் வராத நாளில்தான் மூன்று பேர், பங்கு மூன்றில் ஒன்று. அந்தக் கூடுதல் சுமை அந்த நாளைப் பயன்படுத்துகிறவர்களுடையது, அவனுடையதல்ல. இந்த ஒரு பயண வித்தியாசத்தைக் கண்மதிப்பில் யாராலும் பிடிக்க முடியாது.

மழை விடுமுறைச் சிக்கலும் இதில் தானாகக் கரைந்துவிடுகிறது. பயணம் நடக்கவில்லை, புள்ளி ஓடவில்லை. நேற்று கீழே இருந்தவர் இன்றும் கீழேதான்.

ஆனால் வேலைக்குப் போகிறவரிடம் நாளைக்கு நீதான் என்று முந்தின இரவு சொல்ல முடியாது. ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் ஒவ்வொரு வீடும் இரண்டு தகவலை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வருகிற வாரம் பிள்ளை எந்தெந்த நாள் காரில் வராது, பெரியவர்களால் எந்தெந்த நாள் போக முடியாது. அதை வைத்து ஒருவர் ஐந்து நாளையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து ஞாயிறு காலை பட்டியல் போடுவார். கீழே இருப்பவரால் அன்று முடியாதென்றால் அவருக்கு அடுத்தவர். விட்டுப்போனது நிலுவையில் நிற்கும், அடுத்த நாளில் பிடிபடும்.

கடைசி நேரத்தில் வராமல் போகிற பிள்ளைக்கு ஒரு விதி வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குள் சொன்னால் பற்று இல்லை, அதற்குப் பிறகு சொன்னால் உண்டு. அந்தப் பிள்ளைக்கென்று இடம் வைத்துத்தான் கார் கிளம்பியிருக்கும். இந்த விதி இல்லாவிட்டால், மூன்று மணிக்குப் பாட்டி வந்து கூட்டிப்போய்விட்டார் என்ற செய்தி அடிக்கடி வரத் தொடங்கும்.

ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தால் இரட்டைப் பற்றா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். இந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும் அந்த வீடு ஒரே ஒரு தடவைதான் பள்ளிக்குப் போய்வந்திருக்கும். இருவரையும் சேர்த்துத்தானே அழைத்து வருவார்கள்? மிச்சமாவது ஒரு பயணம், ஆகவே ஒரு பங்கு. ஐந்து பேர் கார்களில் ஓட்டுகிறவர் போக நான்கு பிள்ளைகளுக்குத்தான் இடம். ஐந்தாவது பிள்ளையை மடியில் வைத்துச் சமாளிக்கலாம் என்கிற பேச்சுக்கே இடம் தரக் கூடாது. அப்போது ஏற்பாட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இந்த முறைகள் உடைவதை நான் கண்டது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். வெளியே வேலைக்குப் போகாத ஒரு பெண் கூட்டத்தில் இருப்பார். மூன்று மணிக்கு அவருக்கு அழைப்பு வரும். "அக்கா, மீட்டிங் முடியல. நீங்க வீட்லதான இருக்கீங்க, இன்னிக்கு மட்டும் கூட்டிட்டு வந்துடறீங்களா?" அவர் முடியாதென்று சொல்வதில்லை. ஒருநாள் சொல்லாமலே குழுவைவிட்டு விலகிவிடுவார். மற்றவர்களுக்குக் காரணம் புரியாது. வீட்டில் இருப்பது ஒரு வசதி. அது மற்றவர்கள் எடுத்துச் செலவழிக்கிற கடன் ஆகாது. அவருடைய பிற்பகலும் பிற்பகல்தான்.

நம் வீடுகளில் மொய் நோட்டு என்று ஒன்று உண்டு. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று கூச்சமில்லாமல் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வோம். புள்ளிக் கணக்கும் அதே கூச்சமின்மையோடு எழுதப்பட வேண்டும். பட்டியலில் யார் பெயர் இருந்தது என்பது பொருட்டில்லை, யார் போனாரோ அவருக்குப் பன்னிரண்டு. அந்த அக்கா நான்கு தடவை உதவினால் நாற்பத்தெட்டு வரவு எல்லார் கண்ணிலும் படும். அடுத்து வருகிற பல நாள் அவர் பெயர் பட்டியலில் வராது. தயவு கேட்டவர் நிலுவை இறங்கும். இருபத்துநான்கு கடன், அதாவது இரண்டு பயணம் பின்தங்கினால், அதற்குமேல் மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை. போக முடியாவிட்டால் தாத்தாவையோ தம்பியையோ தன் செலவில் ஆட்டோ வைத்து அனுப்பலாம். அதுவும் முறைதான். இதில் ஒரு நல்ல பயனும் இருக்கிறது. மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற வேலையில் இருப்பவர் ஜனவரியிலேயே கூடுதலாக ஓட்டி வரவு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

யாரை வேண்டுமானாலும் அனுப்பினால் பள்ளி வாசலில் விடமாட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. பல பள்ளிகள் அழைத்துப்போகிறவரின் புகைப்படம் ஒட்டிய அட்டை கேட்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்ற மூன்று வீட்டாரின் பெயரையும் எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும். தாத்தா வருவதாயிருந்தால் தாத்தா பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இனி வெள்ளிக்கிழமை. பயணத்தின் எண்ணிக்கையைத்தான் புள்ளி அறியும், அதன் கடுமையை அறியாது. வெள்ளி மாலை நெரிசலும் செவ்வாய் மாலை நெரிசலும் ஒன்றல்ல. வெள்ளிக்குப் பதினைந்து புள்ளி கொடுக்கலாமா என்று யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. ஒன்றுக்கு விலை ஏற்றினால் மழைக்கு எவ்வளவு, பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளுக்கு எவ்வளவு என்று பேரம் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமைகளை மட்டும் தனியே எண்ணி வைத்தால் போதும். நிலுவை சமமாக நிற்கும்போது, இதுவரை வெள்ளி குறைவாகப் போனவர் போவார். நான்கு வீட்டுக் கணக்கில் சமநிலை அடிக்கடி வரும், ஆகவே இந்த விதிக்கு வேலையும் அடிக்கடி இருக்கும். மூன்றாம் மாடிக்கு வெள்ளி வருவதே இல்லை. அதில் குறையொன்றுமில்லை, வெள்ளியை அவர்கள் பயன்படுத்துவதும் இல்லையே.

கோடை விடுமுறை தொடங்கும்போது கணக்கை மூட வேண்டும். ஜூனில் வகுப்பு மாறும், விடுகிற நேரம் மாறும், பயிற்சி நாள்கள் மாறும். பன்னிரண்டுக்குக் கீழான நிலுவையை எல்லாரும் விட்டுவிடலாம். அதற்கு மேலிருந்தால் புதிய நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். யாராவது நடு ஆண்டில் வீடு மாறிப் போகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் அவர்கள் கடனை ஓட்டித் தீர்க்கட்டும். வரவு வைத்திருந்தால் அதே இரண்டு வாரம் அவர்களுக்கு முறை கிடையாது, சாமான் கட்ட நேரம் கிடைக்கும்.