அடுக்களை அரங்கம்: டார்ட் கூட்டை முதலில் சுடும் முறை

சென்ற இதழில் எலுமிச்சை டார்ட் பற்றி எழுதியபொழுது, "கூட்டைத் தனியே சுட்டு எடுத்துக்கொள்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அந்த ஒரு வரியினால் விளைந்த சங்கடத்தை இம்மாதத் தபாலைப் பிரித்தபொழுதுதான் அறிந்தோம். டில்லி கரோல் பாக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: மருமகப்பிள்ளை முதன்முறையாக விருந்துக்கு வரும் நாளில் டார்ட் செய்யத் துணிந்தாராம். ஓவனைத் திறந்து பார்த்தால் கூட்டின் அடி பூரியைப் போல் உப்பிக் கிடந்ததாம். சுவர்களோ சரிந்து தட்டின் அடிக்கே வந்துவிட்டனவாம். எலுமிச்சைப் பாகை ஊற்ற இடமே இல்லை. "நீங்கள் எழுதியபடியேதான் செய்தேன். தவறு என் கையினதா, உங்கள் எழுத்தினதா?" என்று கேட்டிருக்கிறார். தவறு எம் எழுத்தினதே. ஆதலின் இம்மாதம் முழுவதையும் அந்த ஒரு வரிக்கே ஒதுக்குகிறோம்.

ஆங்கிலத்தில் 'பிளைண்ட் பேக்கிங்' என்று வழங்கும் இம்முறை, உள்ளீடு இல்லாமல் வெறுங்கூட்டை மட்டும் முதலில் சுட்டெடுப்பதாகும். எலுமிச்சைப் பாகைப் போன்ற நெகிழ்ந்த உள்ளீட்டைப் பச்சை மாவின்மேல் ஊற்றினால், மேலே பாகு இறுகியிருக்கும். அடியில் மாவு வேகாமல் களிபோல் ஒட்டும். அதனால்தான் கூடு முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் வெறுங்கூட்டை அப்படியே ஓவனில் தள்ளினால் கரோல் பாக் சகோதரிக்கு நேர்ந்ததே எவர்க்கும் நேரும்.

அது ஏன் நேர்கிறது? பூரி உப்புவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மாவிலுள்ள நீர் ஆவியாகி மேற்புறத்தைத் தூக்குகிறது. டார்ட் மாவின் அடியிலும் அதே ஆவிதான் வேலை செய்கிறது. மேலே பாரமில்லாததால் தடுப்பாரின்றி எழும்புகிறது. சுவர் சரிவதற்குக் காரணம் வேறு. வெண்ணெய் 35 டிகிரிச் சூட்டை எட்டுவதற்குள்ளாகவே உருகிவிடும். மைதா இறுகி நிற்பதற்கோ அதைவிட வெகு மேலான சூடு வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிஷங்களில் சுவரைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. அது தன் பாரத்தாலேயே வழுக்கி இறங்குகிறது. அந்த இடைவேளையில் அடியை அழுத்தியும் சுவரைத் தாங்கியும் நிற்க வேண்டியே கூட்டுக்குள் எடை இடுகிறோம். அடியில் மட்டும் ஒரு பிடி பயற்றைப் பரப்பிவிட்டு, "எடை வைத்தேனே, சுவர் சரிந்ததே" என்று வருந்துவோர் உண்டு. எடை விளிம்புவரை நிரம்பியிருந்தாலன்றிச் சுவருக்குத் துணையில்லை.

இனி எம் இல்லத்தில் சென்ற ஞாயிறன்று செய்ததை அவ்வாறே எழுதுகிறோம். அடி கழலும் டார்ட் தட்டு ஒன்று. குறுக்களவு 23 சென்டிமீட்டர், உயரம் இரண்டரை. மைதா 200 கிராம், கடையில் விற்கும் உப்பிட்ட வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, முட்டை மஞ்சட்கரு ஒன்று, குளிர்ந்த நீர் இரண்டு மேசைக்கரண்டி. முட்டை சேர்க்காத இல்லத்தார் மஞ்சட்கருவுக்குப் பதில் இன்னும் ஒரு கரண்டி நீர் சேர்க்கலாம். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் நீர் மிகுதி. அதைக் கொண்டு செய்தால் கூடு அதிகமாகச் சுருங்கும். தயிர் கடைந்த கை இதில் சற்றே பொறுத்திருக்கட்டும்.

மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசையலாகாது. அடித்துப் பிசைந்தால் மாவில் இழுவிசை ஏறிவிடும். அந்த இழுவிசை ஓவனுக்குள் சென்று கூட்டைச் சுருக்கும். ஒன்றுசேர்ந்தவுடன் விட்டுவிடுக. குளிர்பெட்டியில் அரைமணி வைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தட்டில் இடுக. இடும்பொழுது மாவை இழுத்து மூலைக்குப் பொருத்துவது கூடாது. தூக்கித் தளர்த்தி, தானே மூலையில் போய் அமரும்படி விட வேண்டும். இழுத்த மாவு தான் இழுபட்டதை மறப்பதில்லை. விளிம்புக்கு மேல் சிறிது மிகுந்து நிற்கட்டும். வெட்டிய துண்டுகளில் ஓர் உருண்டையை எடுத்து வைத்துக்கொள்க. அது பிறகு உதவும். தட்டோடு மறுபடியும் அரைமணி குளிரவைக்க வேண்டும். மே, ஜூன் மாதத்து டில்லியிலும் நாகபுரியிலும் இருப்போர் உறைபெட்டியிலேயே இருபது நிமிஷம் வைப்பது நன்று. அங்கே அடுக்களை மேடையின்மேலேயே வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும்.

ஓவனை 190 டிகிரி சென்டிகிரேடுக்கு வைத்து, இருபது நிமிஷம் முன்னதாகவே சூடேற்றுக. மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் எரியட்டும். தட்டு கீழ்த்தட்டில் இருக்கட்டும். சிறிய மின் ஓவன்களின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவதற்கில்லை. எம்முடையதில் 190 என்று திருப்பினால் உள்ளே இருபது டிகிரி குறைவாகவே இருப்பதை, உள்ளே தொங்கவிடும் ஒரு சிறு வெப்பமானியை வாங்கிய பிறகே கண்டோம். இத்தனை நாளும் வெளுத்த டார்ட்டுகளுக்குப் பழியை மைதாவின்மேல் போட்டிருந்தோம்.

இப்பொழுது எடை. பேக்கிங் காகிதத்தை இரண்டு முறை கையில் கசக்கி விரித்தால் மூலைகளில் படிந்து அமரும். கடைகளில் 'பட்டர் பேப்பர்' என்று கிடைப்பவற்றுள் சில ஓவன் சூட்டைத் தாங்கா. ஓவனுக்கு உரியது என்று உறையில் குறித்திருந்தாலன்றி, அலுமினியத் தாளைப் பயன்படுத்துக. காகிதம் விளிம்புக்கு மேலே நான்கு விரற்கடை நிற்க வேண்டும். பின்னர் அதைப் பற்றித்தான் எடையைத் தூக்கப்போகிறோம். இதற்கென்று பீங்கான் மணிகள் விற்கின்றன. வாங்கவேண்டும் என்பதில்லை. கொண்டைக்கடலை, அரிசி, துவரம்பருப்பு எதுவும் ஆகும். அரிசியும் பருப்பும் மூலைவரை புகுந்து அமர்வதால் எமக்கு அவற்றின்பால் விருப்பம். இத்தட்டை விளிம்புவரை நிரப்ப முக்கால் கிலோ அளவு வேண்டியிருந்தது.

இதைக் கண்ட எங்கள் பெரியம்மா, "அன்னத்தை இப்படிச் சுட்டுப் பாழாக்கலாமா, அம்மா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாழாக்கவில்லை, பெரியம்மா, இதே அரிசிதான் இனி இருபது முறையும் வரப்போகிறது, பாருங்கள்" என்று டப்பாவைக் காட்டிய பிறகே சமாதானமானார். அது மெய்தான். ஆறிய பிறகு மூடியிட்ட டப்பாவில் வைத்து, 'சமையலுக்கன்று' என்று எழுதி ஒட்டிவிட்டால் பல மாதம் வரும். எழுதி ஒட்டுவது அவசியம். சுட்ட கடலையைத் தெரியாமல் ஊறப்போட்டால், எத்தனை விசில் வைத்தாலும் செவ்வையாக வேகாது. சிக்கெண்ணெய் வாடை வந்தால் மாற்றிவிடுக.

எடையோடு இருபது நிமிஷம் சுடுக. கடிகாரம் வழிகாட்டியே, தீர்ப்பு கண்ணினது. எடையை எப்பொழுது எடுப்பது என்பதுதான் சென்ற மாதம் நாம் சொல்லாது விட்டது. உண்மையில் சூட்சுமம் அனைத்தும் அங்கேதான். முதலில் விளிம்பைப் பாருங்கள். பச்சை மாவுக்கு வெண்ணெயின் பளபளப்பு உண்டு. அது மறைந்து, விளிம்பு மங்கலாகி, வைக்கோல் நிறம் எட்டிப்பார்க்க வேண்டும். பின்னர் காகிதத்தின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். காகிதம் ஒட்டாமல் வந்து, அடியில் சுவர் தானே நின்றால் எடுக்கலாம். மாவு காகிதத்தோடு இழுபட்டு வந்தால், உடனே பழையபடி விட்டு இன்னும் நான்கு நிமிஷம் வைக்க வேண்டும். சோதனைக்கு முன்னரே அவசரப்பட்டு எடுத்தவர்க்குச் சுவர் சரியும், அடி உப்பும். நேர்மாறாக, பயந்து கடைசிவரை எடையை எடுக்காதவர்க்கு வேறொரு தொல்லை. எடையின்கீழ் ஆவி வெளியேற வழியில்லாமல் அடி அவிந்து வெளுத்தே இருக்கும். அதற்குள் விளிம்பு கருகிவிடும்.

தட்டை வெளியே எடுத்து ஒரு நிமிஷம் விடுக. காகிதத்தின் நான்கு மூலைகளையும் ஒன்றாகப் பற்றி, மூட்டை கட்டுவதுபோல் நேரே மேலே தூக்குக. எடை மிகச் சூடாக இருக்கும். பக்கத்திலேயே அகன்ற பாத்திரம் ஒன்று காத்திருக்கட்டும். இப்பொழுது அடி வெளுத்து, சற்றே ஈரமாய், வெந்தும் வேகாததுமாய்த் தெரியும். அஞ்ச வேண்டுவதில்லை. எங்கேனும் கீறல் கண்டால், எடுத்துவைத்த மாவு உருண்டையில் சிறிது கிள்ளி, மெல்லப் பூசி அடைக்க வேண்டும். மஞ்சட்கரு கலவையைத் தூரிகையால் மெல்லியதாய்த் தடவினால் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் மூடிக்கொள்ளும். ஓவனை 175 டிகிரிக்குக் குறைத்து, எடையில்லாமல் மீண்டும் உள்ளே வைக்க வேண்டும்.

இரண்டாம் சூடு எவ்வளவு என்பது உள்ளீட்டைப் பொறுத்தது. முன்னமே அடுப்பில் காய்ச்சி ஆறவைத்த எலுமிச்சைப் பாகாயின், அது இனி ஓவனைக் காணப்போவதில்லை. ஆகவே கூடு இப்பொழுதே முழுவதும் சுடப்பட வேண்டும். எமக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. அடி முழுதும் பொன்னிறமாகி, நகத்தால் தட்டினால் அப்பளம்போல் வறண்ட ஓசை எழுந்தது. உள்ளீட்டை ஊற்றியபின் மறுபடியும் சுடவேண்டிய கஸ்டர்டு வகையாயின், இந்த இரண்டாம் சூட்டில் ஐந்தாறு நிமிஷம் போதும். ஈரப்பளபளப்பு அடங்கினால் நிறுத்திவிடலாம். எஞ்சிய வேக்காடு உள்ளீட்டோடு நிகழும். அதிலும் முழுவதும் சுட்டுவிட்டால் விளிம்பு கசக்கும்.

எடையை எடுத்தபின் அடி மீண்டும் சிறிது உப்பினால், அஞ்சாமல் கரண்டியின் முதுகால் மெல்ல அழுத்துக. சூட்டோடு இருக்கையில் அது இணங்கிவிடும். விளிம்புக்கு மேல் மிகவிட்ட மாவைச் சுட்டபின் கூரிய கத்தியால் சீவிவிட்டால், சுருக்கம் நேர்ந்தாலும் சுவரின் உயரம் குறையாது. உள்ளீடு ஊற்றுமுன் கூடு முற்றும் ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான கூட்டில் குளிர்ந்த பாகு வியர்த்து அடியை நமக்கச் செய்யும்.

கரோல் பாக் சகோதரிக்குத் தனியே ஒரு சொல். மருமகப்பிள்ளை அடுத்த மாதம் மீண்டும் வருகிறார் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். கூட்டை முதல்நாள் மாலையே சுட்டு, ஆறியதும் தட்டோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தாராளமாக மொறுமொறுப்பாய் இருக்கும். பாகை மட்டும் விருந்துக்கு இரண்டு மணி முன்னதாக ஊற்றினால் போதும்.