சொல் தெரியாதவன் மடையனா?

தமிழில் பௌதிகம் படித்த பிள்ளைகள் இங்கிலீஷில் பரீட்சை எழுதித் தோற்றால், "பார்த்தீர்களா, தமிழில் விஞ்ஞானம் வராது" என்று சொல்லிச் சந்தோஷப்படும் கூட்டமொன்று நம் நாட்டில் இன்னும் இருக்கின்றது. தோற்றது விஞ்ஞானத்திலா அல்லது வெறும் பெயரிலா என்று இவர்கள் ஒரு நாளாவது விடைத்தாளைப் பிரித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம்.

குடியானவன் வீட்டுப் பிள்ளை ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து, என்ஜினீயரிங் கல்லூரிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் வட்டப்பாதையை ஒருவன் 80 வினாடியில் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், அவனது சராசரி வெலாசிடி என்ன என்று அங்கு கேட்கின்றார்கள். சாதாரண அகராதியில் வெலாசிடி என்றால் வேகம் என்றிருக்கும். அதை நம்பி, 400ஐ 80ஆல் வகுத்து, வினாடிக்கு 5 மீட்டர் என்று எழுதுகிறான். விடை தப்பு. பள்ளிப் புத்தகத்தில் வேகம் என்பது ஸ்பீட். வெலாசிடிக்கோ திசைவேகம் என்று பெயர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியவனுக்கு இடப்பெயர்ச்சி இல்லை. ஆகவே சராசரித் திசைவேகம் பூஜ்யம். திசைவேகம் என்று கேட்டிருந்தால், சொல்லிலேயே திசை இருக்கின்றதே என்று பையன் நின்று யோசித்திருப்பான். வெலாசிடி என்ற சொல்லில் திசை எங்கே தெரிகின்றது? அறிவைக் காட்டும் சொல் எது, மறைக்கும் சொல் எது?

இன்னொன்று பார்ப்போம். 300 கிலோ தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு 60 வினாடியில் ஏற்றும் பம்பின் பவர் என்ன? பவர் என்றால் சக்தி என்பது ஊர்ப்பேச்சு. பையன் அதை ஆற்றல் என்று கொண்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் 10 என்று வைத்து, மூன்றையும் பெருக்கி 30,000 ஜூல் என்று முடித்துவிடுகிறான். ஆனால் பௌதிகத்தில் பவர் என்பது திறன், எனர்ஜிதான் ஆற்றல். அந்த 30,000ஐ 60ஆல் வகுத்து 500 வாட் என்று எழுத வேண்டும். கணக்கு முக்கால்வாசி சரி, பெயர்தான் கெடுத்தது.

இங்கே விடையின் அலகைப் பார்த்தால் தப்பைப் பிடித்துவிடலாம். ஆற்றலுக்கு ஜூல், திறனுக்கு வாட். ஆனால் வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் ஒரே அலகுதான். அங்கே பொருள் தெரிந்தால்தான் தப்பலாம். ஆகையால் சொற்பட்டியலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது பித்தலாட்டமேயாகும். ஒன்பதாம் வகுப்பு முதலே, பாடம் நடக்கும்போதே, திறன் என்று எழுதும் பலகையில் பவர் என்றும் பக்கத்தில் எழுதி, ஒரே கணக்கை இரு பாஷையிலும் போடச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பெயர் பக்கத்தில் வந்தால் தமிழ் தீட்டாகிவிடும் என்னும் பண்டிதர்களுக்கும் இதையே சொல்லுகிறோம்.

அன்று சமஸ்கிருதம் தெரியாதவனுக்கு ஞானமில்லை என்றார்கள். இன்று இங்கிலீஷ் தெரியாதவனுக்கு அறிவில்லை என்கின்றார்கள். பாஷை மாறியிருக்கின்றதே ஒழிய, புரட்டு மாறவில்லை.