"அண்ணே, கொஞ்சம் பாத்து பண்ணுங்க"

தொப்பூரில் இருக்கும் என் நண்பன் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்து தருகிறவன். சேலத்துக் கடை ஒன்றுக்கு கேட்லாக் செய்து கொடுத்தான். ரூ.20,000. பணம் வரவில்லை. வாரா வாரம் அவன் அனுப்பிய மெசேஜ்தான் மேலே இருக்கும் தலைப்பு. இது நினைவூட்டல் இல்லை சார், பிச்சை!

"வட்டி கேட்டா அடுத்த வேலை தரமாட்டாங்க" என்கிறான். கணவாயில் ஏறி இறங்கும் லாரிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் தவணை தவறினால் சும்மா விடுகிறார்களா? நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

கூச்சத்துக்கு விலையும் உண்டு. 1978-ம் வருட வட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தத்தில் பணம் தரவேண்டிய தேதி இருந்தால் அன்றிலிருந்து கோர்ட் வட்டி தரலாம். இல்லையென்றால், "வட்டி கேட்பேன்" என்று எழுதி நோட்டீஸ் கொடுத்து, அதில் குறிப்பிட்ட தேதியிலிருந்துதான். "பாத்து பண்ணுங்க" என்று நூறு முறை அனுப்பினாலும் அதில் வட்டி என்ற வார்த்தையே இல்லையே! விகிதமும் வங்கி டெபாசிட் வட்டியைத் தாண்டாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வெளிநாட்டு மாதிரியைக் காப்பியடித்து 'மாதம் 5 சதவீதம்' என்று போடும் சூரர்கள். அதாவது வருடத்துக்கு 60. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி இது தண்டம் என்று சொல்லி கோர்ட் குறைத்துவிடலாம். மிரட்டத்தான் உதவும், வசூலுக்கு உதவாது.

நான் எழுதிக் கொடுத்தது இது:

"இன்வாய்ஸ் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் கெடுவுக்கு மறுநாள் முதல் பணம் வந்து சேரும் நாள் வரை, பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் தனிவட்டி உண்டு."

இதை இன்வாய்ஸின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் போட்டால் போதாது. வேலை முடிந்த பிறகு வரும் காகிதம் அது, "நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?" என்று எதிராளி கேட்பார். கொட்டேஷனிலேயே போட்டு, "சம்மதம்" என்று ஒரு வரி பதில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

அப்படி வாங்கியிருந்தால் நினைவூட்டல் இப்படி இருக்கும்:

"இன்வாய்ஸ் எண் 14, ரூ.20,000. கெடு மார்ச் 15. இன்று மே 27, 73 நாள் தாமதம். வட்டி ரூ.720. மொத்தம் ரூ.20,720. இனி நாளொன்றுக்கு ரூ.9.86 சேரும்."

கோபமில்லை, கெஞ்சல் இல்லை, வெறும் கணக்கு. கெடுவுக்கு மறுநாளே முதல் கடிதம் போக வேண்டும், இரண்டு மாதம் கழித்து அல்ல.

உத்யம் பதிவு இருந்தால் இதைவிடப் பலம். 2006-ம் வருட சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் கெடு எழுதிக்கொண்டாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பதிவு இலவசம், வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுவது பத்திரம்.

நண்பனிடம் பதிவும் இல்லை, கொட்டேஷனும் இல்லை, எல்லாம் போன் பேச்சு. அதனால் அவனுக்கு மிச்சம் அந்த 3-வது பிரிவு நோட்டீஸ்தான். எழுதி வைத்திருக்கிறேன். "அண்ணே" என்று தொடங்கலாமா என்று கேட்கிறான்!