"விலைபோய்ட்டான்" என்ற ஒரு சொல்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ராக் இசை என்றால் உயிர் அவனுக்கு. பேச்சு வாக்கில், "சார், இந்த ராக் ரசிகர்கள் மாதிரி பொறாமைக்காரங்க உலகத்துல கிடையாது. நாலு காசு பார்த்தா உடனே விலைபோய்ட்டான்னு சொல்லிடுவாங்க" என்றான். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொறாமை என்ற பதிலில் கால் பங்குதான் சரி. அதை வைத்துக்கொண்டு மீதி முக்கால் பங்கையும் மறைக்கக் கூடாது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், கில்மன் தெருவில் 924ஆம் எண் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1986 டிசம்பர் 31 அன்று பங்க் ராக் இளைஞர்கள் அங்கே ஓர் இசைக்கூடம் திறந்தார்கள். 'மாக்ஸிமம் ராக் அண்ட் ரோல்' என்ற பத்திரிகையை நடத்திய டிம் யோஹானன் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். டிக்கெட் கொடுப்பது, கூட்டிப் பெருக்குவது, ஒலிப்பெட்டியைக் கவனிப்பது எல்லாமே சம்பளமில்லாத வேலை. எந்த வயதினரும் உள்ளே வரலாம். மது, போதை, அடிதடி, இனவெறி, பெண்களை இழிவுபடுத்துவது எதற்கும் இடமில்லை. இவற்றோடு இன்னொரு விதியும் இருந்தது: பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழு அங்கே வாசிக்கக் கூடாது.

இந்த விதியைப் பொறாமை என்று சொல்ல முடியுமா? கூலி வாங்காமல் நான் பெருக்கிய தரையில் நின்று நீ பேர் வாங்குகிறாய். அந்தப் பேரைக் கொண்டுபோய் ஒரு கம்பெனியிடம் பணமாக மாற்றிக்கொள்கிறாய். சரி, போ, ஆனால் இந்த மேடையை அடுத்த பையனுக்கு விடு. விதியின் பொருள் அவ்வளவுதான். ராக் ரசிகன் ஏன் இத்தனை மூர்க்கமாகக் காவல் காக்கிறான் என்பதற்கும் இதுதான் பதில். அவன் வெறும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் அல்ல, அந்த இடத்தைக் கட்டியவர்களில் தானும் ஒருவன் என்று நினைப்பவன். ஆகவே பாடகன் கிளம்பும்போது தன் உழைப்பையும் சேர்த்து மூட்டை கட்டுவதாக அவனுக்குப் படுகிறது.

கம்பெனி மீதான சந்தேகமும் வெறும் பிரமை இல்லை. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993இல் 'தி பாஃப்லர்' இதழில் ஒரு கணக்கு எழுதினார். கற்பனையான குழு, நாலு பேர். இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் கிடைக்கிறது. இசைத்தட்டும் இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. குழுவுக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகை 3,51,000 டாலர். அதில் முன்பணம் 2,50,000 கழிகிறது. தயாரிப்பாளர் பங்கு 40,000, விளம்பரம் 25,000, பழைய கம்பெனியிடமிருந்து விடுவித்த செலவு 50,000, அவையும் கழிகின்றன. மிச்சம்? மைனஸ் 14,000! முன்பணமாவது கையில் இருக்கிறதா என்றால், ஒலிப்பதிவு, மேனேஜர், வக்கீல், வண்டி என்று அதுவும் முன்பே கரைந்துவிட்டது. எல்லாம் முடிந்து ஆளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலாயிரம் டாலர், கம்பெனிக்கு 7,10,000. அல்பினி சும்மா ஊருக்கு உபதேசம் செய்தவர் இல்லை. தான் பதிவு செய்த தட்டுகளுக்கு உரிமைத்தொகையே வாங்காமல், செய்த வேலைக்கு மட்டும் கூலி வாங்கியவர்.

இதுவரை ரசிகர் பக்கம் பேசினேன். இனி அவர்களோடு என் சண்டை.

கில்மன் தெருவில் வளர்ந்த கிரீன் டே குழு 1993இல் வார்னர் கம்பெனியின் ரிப்ரைஸ் பிரிவில் கையெழுத்துப் போட்டது. விதிப்படி அவர்களுக்கு வாசல் அடைக்கப்பட்டது. அது நியாயம். 1994 பிப்ரவரியில் 'டூக்கி' வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. சுவரில் வசை எழுதினார்கள், துரோகி என்றார்கள். கிரீன் டேக்கு அதனால் என்ன குறைந்தது? மனம் நொந்திருக்கலாம், பிழைப்பு நொடிக்கவில்லை.

அதே 1994 மே மாதம், அதே கில்மன் கூடத்தில், ஜெல்லோ பியாஃப்ராவை ஒரு கும்பல் அடித்துக் காலை உடைத்தது. அடித்தவர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம், விலைபோன ராக் ஸ்டார். யார் இந்த பியாஃப்ரா? டெட் கென்னடிஸ் பாடகர். பெரிய கம்பெனி எதிலும் சேராமல் சொந்தமாகச் சிறு கம்பெனி நடத்தியவர். ஒரு தட்டோடு வைத்த ஓவியத்துக்காக 1987இல் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டும் பணியாதவர். அவர் யாருக்கு விலைபோனார் சொல்லுங்கள்? விதி என்பது வாசலில் நிற்கும். என்ன செய்தால் உள்ளே, எது செய்தால் வெளியே என்று தெரியும். பழிச்சொல்லுக்கு அந்த அளவுகோல் கிடையாது. எவன் வேண்டுமானாலும் எவன்மேல் வேண்டுமானாலும் எறியலாம்.

மூன்றாவதாக ஜாபிரேக்கர். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இவர்கள் கதைதான். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த மூன்று பேர். பெரிய கம்பெனிக்குப் போகமாட்டோம் என்று மேடையிலேயே சொன்னவர்கள். 1993இல் நிர்வாணா குழுவுக்கு முன்னால் சில நாட்கள் வாசித்ததற்கே முணுமுணுப்பு கிளம்பியது. பிறகு மனம் மாறி கெஃபன் கம்பெனியில் சேர்ந்து 1995இல் 'டியர் யூ' வெளியிட்டார்கள். சொன்ன சொல்லை மீறினார்கள், அதற்குக் கேள்வி கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நடந்தது வேறு. தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பாடகர் பிளேக் ஷ்வார்சன்பாக். குரல் வழவழப்பாகிவிட்டது, இதுவே விலைபோனதற்குச் சாட்சி என்றார்கள். புதிய பாட்டு தொடங்கினால் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பழைய ரசிகர் போனார், புதிய ரசிகர் வரவில்லை. 1996இல் குழு உடைந்தது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கோடி விற்றவனுக்கு அந்தச் சொல் உறைக்கவில்லை, அவனுக்கு வெளியே வேறு கூட்டம் இருந்தது. பக்கத்தில் நின்ற பியாஃப்ராவின் கால் உடைந்தது. அந்த முந்நூறு பேரின் முகத்தையே நம்பியிருந்த ஜாபிரேக்கர் சிதைந்தது. ஒப்பந்தத்தை எழுதிய கம்பெனியின் நாற்காலி ஒரு அங்குலம் நகரவில்லை. அல்பினி கணக்கில் கை நீட்டியது கம்பெனியை நோக்கி. ரசிகர்கள் அதைப் படித்துவிட்டுக் கையை நீட்டியதோ பாடகனை நோக்கி. பாடம் ஒன்று, பதில் வேறு.

சிறிய கம்பெனி என்றால் சுத்தம் என்ற நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் டேயின் முதல் இரண்டு தட்டுகளை வெளியிட்டது 'லுக்கவுட்' என்ற உள்ளூர் கம்பெனி. உரிமைத்தொகை ஒழுங்காக வரவில்லை என்று 2005இல் கிரீன் டே அந்தத் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சுவரில் எழுதியவர்கள் இதற்கு எங்கே எழுதினார்கள்?

2015இல் தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஓர் அச்சகத்துக்கும் பதிப்பகத்துக்கும் நிதி திரட்ட கிரீன் டே மறுபடி கில்மன் மேடையில் ஏறியது. 'டியர் யூ' தட்டைக் கம்பெனி கைவிட்ட பிறகு, 2004இல் அதை மறுபடி வெளியிட்டது ஜாபிரேக்கரின் டிரம்ஸ்காரரே. 2017இல் சிகாகோ விழாவில் அந்த மூவரும் மீண்டும் சேர்ந்தபோது, முதுகு காட்டப்பட்ட தட்டின் பாட்டுகளையும் வாசித்தார்கள். கேட்கப் பெருங்கூட்டம் நின்றது. இடையில் போன இருபத்தோரு வருஷத்தை யார் திருப்பித் தருவது?

மாணவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு தாளில் 3,51,000 என்று எழுதி, கழிக்க வேண்டியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். "சார், மைனஸ் வருது, எங்கேயோ தப்பு" என்றான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.